நெடுஞ்செழியனை விட்டுவிட்டு ஓ.பி.எஸ்.ஸை மட்டும் ஏன் எண்ணுகிறார்கள்?

"அண்ணா, கோபியில இருந்து குரூப் 2-க்குப் படிச்சிட்டிருக்கேன். எடப்பாடியார் தமிழ்நாட்டோட ஏழாவது முதல்வர்னு ஒரு கைடுல இருக்கு, இன்னொண்ணுல எட்டாவது, வேற ஒண்ணுல பன்னெண்டாவது. நெடுஞ்செழியன் ரெண்டு தடவ முதல்வரா இருந்திருக்காரு, அவரை விட்டுடறாங்க, ஓ.பி.எஸ்.ஸை மட்டும் எல்லாரும் சேர்த்துக்கறாங்க. ஏனுங்ணா இப்படி?"

மூன்று எண்ணுமே தப்பில்லை அம்மணி. கோடு எங்கே கிழித்தார்கள், நெடுஞ்செழியனை என்ன செய்தார்கள் என்ற இரண்டையும் பார்த்தால் எந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்துவிடும். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969 ஜனவரி 14. அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் அண்ணா. அவரை ஒன்று என்று வைத்து, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா, ஓ.பி.எஸ். என்று வந்தால் எடப்பாடியார் ஏழு. நடுவில் நெடுஞ்செழியனுக்கும் ஓர் எண் கொடுத்தால் எட்டு. சுதந்திரத்தன்று இருந்த ஓமந்தூராரிலிருந்து தொடங்கினால், நெடுஞ்செழியன் இல்லாமலே பன்னிரண்டு. தேர்வுக்கு எது என்றால், கேள்வியில் 'தமிழ்நாட்டின்' என்று இருந்து வேறு எதுவும் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஏழு. சரி, உன் உண்மையான கேள்வி நெடுஞ்செழியன்தான், அதற்கு வருகிறேன்.

அவர் இரண்டு தடவை முதல்வர் பொறுப்பில் இருந்தார், இரண்டு தடவையும் ஒரு மரணத்துக்கு அடுத்துத்தான். அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார், பிப்ரவரி 10 அன்று கருணாநிதி பதவியேற்றார், இடையில் நெடுஞ்செழியன். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று காலமானார், 1988 ஜனவரி 7 அன்று ஜானகி பதவியேற்றார், இடையில் மறுபடியும் நெடுஞ்செழியன். முதல் தடவை 7 நாள், இரண்டாம் தடவை 14 நாள், ஆக மொத்தம் 21. இப்போது ஜானகியைப் பார். ஜனவரி 7-இலிருந்து 30 வரை, வெறும் 23 நாள். அதோடு ஆட்சி கலைக்கப்பட்டது. ஆனால் ஜானகிக்கு எல்லாப் பட்டியலிலும் எண் உண்டு, 'தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர்' என்ற பெயரும் உண்டு. 21 நாளுக்கு எண் இல்லை, 23 நாளுக்கு உண்டு என்றால் காரணம் நாள் கணக்கு இல்லை என்பது விளங்கிவிடும்.

காரணம் அந்த ஆள் எதற்காக அமர்த்தப்பட்டார் என்பதில் இருக்கிறது. ஒரு முதல்வர் இறந்தால் அவரோடு அவருடைய அமைச்சரவையும் போய்விடும் என்பதுதான் வழக்கம். ஆனால் ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல அமைச்சரவை இல்லாமல் ஒரு நாள்கூட அரசு நடக்கக்கூடாது. அதனால் அமைச்சரவையில் அடுத்த இடத்தில் இருக்கும் மூத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பெரும்பான்மைக் கட்சி உட்கார்ந்து பேசித் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை காத்திருப்பார்கள். நெடுஞ்செழியன் இரண்டு தடவையும் அந்தக் காத்திருப்புக் காலத்தின் ஆள். கட்சி 'இவர்தான் எங்கள் தலைவர்' என்று ஆளுநரிடம் அவர் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்த பதவி அல்ல அது. ஜானகியை ஒரு பகுதி எம்.எல்.ஏ.க்கள் தலைவர் என்று சொன்னார்கள், ஆளுநர் அதை ஏற்று, சட்டமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்டு என்று சொல்லி அமர்த்தினார், வாக்கெடுப்பும் நடந்தது. அது நின்றதா விழுந்ததா என்பது வேறு கதை. அமர்த்திய விதம் முழு முதல்வருக்கானது.

நான் வருவாய்த் துறையில் இருந்தவன், எனக்கு இது ஆபீஸ் கணக்காகவே புரியும். எங்கள் பக்கத்தில் எந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் தாசில்தார் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெயர்ப் பலகை இருக்கும்: வரிசை எண், பெயர், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. ஒரு தாசில்தார் மாறுதலில் போய் அடுத்தவர் வருவதற்குள் பத்து நாள் ஆகும், அந்தப் பத்து நாளும் பக்கத்து ஆபீஸ் அதிகாரி ஒருவர் முழு கூடுதல் பொறுப்பில் கையெழுத்துப் போடுவார். மு.கூ.பொ. என்று கோப்பில் எழுதுவோம். அவர் போட்ட பட்டா உத்தரவு செல்லும், கையெழுத்துக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் பலகை எழுதுகிற பெயின்டரிடம் கொடுக்கும் சீட்டில் அவர் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்த ஆபீஸ் தலைமை எழுத்தர் மனசைப் பொறுத்தது. ஒரு பலகையில் அவர் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று இருக்கும், வரிசை எண் இருக்காது. இன்னொன்றில் பெயரே இருக்காது, முந்தையவர் போன தேதிக்கும் அடுத்தவர் வந்த தேதிக்கும் நடுவில் பத்து நாள் ஓட்டை மட்டும் தெரியும். நீ பார்க்கிற கைடு புத்தகங்கள் எல்லாம் இந்தப் பலகையின் வேறு வேறு நகல்கள்தான்.

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிற இடம் டெல்லி. குல்சாரிலால் நந்தா இரண்டு தடவை பிரதமராக இருந்தார். நேரு இறந்த 1964 மே 27 முதல் சாஸ்திரி பதவியேற்ற ஜூன் 9 வரை, சாஸ்திரி இறந்த 1966 ஜனவரி 11 முதல் இந்திரா பதவியேற்ற ஜனவரி 24 வரை. ஒவ்வொன்றும் 13 நாள். குடியரசுத் தலைவர் முன்னால் முறையாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டவர் அவர். இத்தனைக்கும் 'தற்காலிகப் பிரதமர்' என்றொரு பதவி அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது, சட்டத்தின் கண்ணில் அந்த 13 நாளும் அவர் பிரதமர்தான். ஆனாலும் சாஸ்திரியை இரண்டாவது பிரதமர் என்றும் இந்திராவை மூன்றாவது என்றும்தான் சொல்கிறோம், அதே கணக்கில் மோடி பதினான்காவது. நந்தாவுக்கு எண் கொடுத்திருந்தால் பதினைந்து ஆகியிருக்கும்.

அதே பட்டியலில் சரண் சிங்கைப் பார். 1979 ஜூலை 28 பதவியேற்றார், ஆகஸ்ட் 20 ராஜினாமா செய்தார், நாடாளுமன்றத்தில் பிரதமராக ஒரு நாள்கூட நம்பிக்கை வாக்கைச் சந்திக்கவில்லை. அப்புறம் தேர்தல் முடிந்து 1980 ஜனவரி 14 அன்று இந்திரா வரும்வரை காபந்து பிரதமராகத் தொடர்ந்தார். மொத்தம் 170 நாளில் முழு அதிகாரத்தோடு இருந்தது 23 நாள், மீதி 147 நாளும் காபந்து. ஆனாலும் அவர் ஐந்தாவது பிரதமர், ஆட்சிக்காலம் 170 நாள் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கும். நந்தாவின் 26 நாளுக்கு எண் இல்லை, சரண் சிங்கின் காபந்து 147 நாளும் சத்தமில்லாமல் கணக்கில் ஏறிவிட்டது. கேட்டால் அநியாயம் போலத் தெரியும், ஆனால் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. காபந்து என்பது ஏற்கெனவே இருக்கிறவரின் வால் பகுதி. புதிதாக யாரும் வரவில்லை, புதிதாகப் பிரமாணம் இல்லை, 'மாற்று ஏற்பாடு ஆகும்வரை தொடருங்கள்' என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். அதனால் பட்டியலில் அதற்குத் தனி வரி வராது, பழைய வரியின் கடைசித் தேதி மட்டும் தள்ளிப்போகும்.

சட்டமும் இதற்கு ஒத்துப்போகிறது. 1970 கடைசியில் மக்களவை கலைக்கப்பட்டபோது, அவை இல்லை என்றால் பிரதமரும் இல்லையே என்று இந்திராவுக்கு எதிராக ஒருவர் வழக்குப் போட்டார். 1971-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல எப்போதும் ஓர் அமைச்சரவை இருந்தே ஆகவேண்டும், அதனால் கலைத்த பிறகும் அமைச்சரவை தொடரும் என்று சொல்லிவிட்டது. காபந்து அரசு கொள்கை முடிவு எடுக்காமல் அடக்கி வாசிக்கவேண்டும் என்பது மரபு, அதிகாரத்தை வெட்டுகிற சட்டம் எதுவும் இல்லை. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், அன்றிலிருந்து அக்டோபர் 13 வரை காபந்துதான். கார்கில் போர் முழுக்க நடந்தது அந்த இடைவெளியில். அந்த ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு வாஜ்பாய் காலத்தை யாராவது எழுதி நான் பார்த்ததில்லை.

இப்போது ஓ.பி.எஸ். இவர் யாருக்காக நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது ஊருக்கே தெரியும், அதனால்தான் உனக்கு 'இவரும் தற்காலிகம்தானே' என்று தோன்றுகிறது. அரசியலில் அப்படித்தான், பட்டியலில் அப்படி இல்லை. 2001 செப்டம்பர் 21, 2014 செப்டம்பர் 29, 2016 டிசம்பர் 6 ஆகிய மூன்று தடவையும் கட்சி அவரைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகச் சொன்னது, ஆளுநர் அழைத்தார், முழு அமைச்சரவையோடு பதவியேற்றார். உத்தரவில் 'அடுத்தவர் வரும்வரை' என்று ஒரு சொல் கிடையாது. மனசுக்குள் யார் என்ன நினைத்தார்கள் என்பதைப் பட்டியல் எழுதுகிறவர் பார்க்க முடியாது, உத்தரவைத்தான் பார்ப்பார்.

2016 டிசம்பரை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார், உன் கேள்விக்கு முழுப் பதிலும் அங்கே இருக்கிறது. ஜெயலலிதா இறந்ததாக அறிவிக்கப்பட்ட நேரம் டிசம்பர் 5 இரவு 11.30. ஓ.பி.எஸ். பதவியேற்றது 6-ஆம் தேதி விடிவதற்கு முன்பே, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள். கட்சி அன்று இரவே பெயரைச் சொல்லிவிட்டதால் காத்திருப்புக் காலம் என்று ஒன்று வரவே இல்லை, ஆகவே பொறுப்பு முதல்வர் என்று ஒருவர் தேவைப்படவும் இல்லை. 1969-இலும் 1987-இலும் அந்த முடிவுக்கு ஒரு வாரமும் இரண்டு வாரமும் ஆயிற்று, அந்த இடைவெளியில்தான் நெடுஞ்செழியன் மாட்டிக்கொண்டார். டெல்லியிலும் அப்படியே: நேரு, சாஸ்திரி மறைவுக்குப் பிறகு நந்தா வந்தார், 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா கொல்லப்பட்ட மாலையே ராஜீவ் பதவியேற்றுவிட்டதால் அங்கே இன்னொரு நந்தாவுக்கு இடம் இல்லாமல் போயிற்று. கட்சி எத்தனை மணி நேரத்தில் முடிவெடுத்தது என்பதுதான் பட்டியலில் ஒரு வரி கூடுவதையும் குறைவதையும் தீர்மானிக்கிறது.

அந்த மூன்றாவது தடவைக்கு முன்னும் பின்னும் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கைடுகள் தடுமாறுவது அங்கேதான். முன்னால் இருப்பது அக்டோபர் 11. ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவருடைய துறைகளை எல்லாம் ஆளுநர் வித்யாசாகர் ராவ் அரசியலமைப்புப் பிரிவு 166(3)-இன்படி ஓ.பி.எஸ்.ஸுக்கு ஒதுக்கினார், அமைச்சரவைக் கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்குவார் என்றார். ஆனால் அதே அறிவிப்பில் முதல்வராக ஜெயலலிதாவே தொடர்வார் என்று தெளிவாக இருந்தது. ஆகவே அந்த எட்டு வாரம் அவர் பொறுப்பு முதல்வர்கூட இல்லை, கூடுதலாகத் துறைகள் வைத்திருந்த அமைச்சர். பின்னால் இருப்பது ராஜினாமா. 2017 பிப்ரவரி 5 அன்று கடிதம் கொடுத்தார், அடுத்த நாள் ஆளுநர் ஏற்றுக்கொண்டு மாற்று ஏற்பாடு வரை தொடரச் சொன்னார், 16-ஆம் தேதி எடப்பாடியார் பதவியேற்றார். இந்தப் பத்துப் பதினொரு நாள் காபந்து. ஆக, ராஜினாமாவோடு நிறுத்தினால் 61 நாள், எடப்பாடியார் வரும்வரை கணக்கிட்டால் 72, முதல் நாளையும் கடைசி நாளையும் இரண்டையும் சேர்த்து எண்ணினால் 73. அக்டோபரிலிருந்தே எண்ணுகிற பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தால் அவருக்கு 128 வரும். இதில் தப்பு என்று சொல்லக்கூடியது கடைசி ஒன்றுதான், மற்றவை எல்லாம் எங்கே நிறுத்துவது என்ற விவகாரம். வழக்கமான பட்டியல் எடுப்பது 72.

இதைவிடச் சிக்கலான வரி ஒன்று உண்டு, யாரும் கவனிப்பதில்லை. 2001 மே 14 அன்று ஜெயலலிதா முதல்வரானார். தண்டனை காரணமாகத் தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவரை முதல்வராக அமர்த்தியது செல்லாது என்று செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே ரத்து செய்தது. ராஜினாமா இல்லை, பதவிநீக்கமும் இல்லை, அமர்த்தியதே செல்லாது. அப்படிப் பார்த்தால் அந்த நான்கு மாதமும் பட்டியலில் இருக்கக்கூடாது அல்லவா? இருக்கிறது. ஏனென்றால் அதே தீர்ப்பிலேயே, அந்தக் காலத்தில் அவரும் அமைச்சர்களும் முறையாகச் செய்த காரியங்கள் இந்த ஒரு காரணத்தால் பாதிக்கப்படாது என்று நீதிமன்றம் காப்பாற்றிவிட்டது. நாற்காலியில் உண்மையில் யார் இருந்தார் என்பதைப் பட்டியல் பதிவு செய்கிறது, இருந்திருக்க வேண்டுமா என்பதை அல்ல. அதனால்தான் 'ஜெயலலிதா ஆறு முறை முதல்வர்' என்று வருகிறது: 1991, 2001, 2002, 2011, 2015, 2016. ஜெயித்த தேர்தலை எண்ணினால் நான்குதான் வரும், மீதி இரண்டும் நடுவில் இறங்கி ஏறியவை. 'கருணாநிதி ஐந்து முறை' என்பதிலும் முதல் தடவையான 1969 அவர் தலைமையில் தேர்தல் நடந்து வந்தது அல்ல. 'எத்தனை முறை' என்ற கேள்வி பதவிப் பிரமாணத்தை எண்ணுகிறது, 'எத்தனையாவது' என்ற கேள்வி ஆளை எண்ணுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே, தேர்வில் இரண்டும் வரும்.

குடியரசுத் தலைவர் பட்டியலில் இந்தத் தகராறு இல்லை, அங்கே சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. இடம் காலியானால் துணைத் தலைவர் அந்தப் பணியை *ஆற்றுவார்* என்று பிரிவு 65 சொல்கிறது, அவர் குடியரசுத் தலைவர் ஆகிவிடுவார் என்று சொல்லவில்லை. 1969 மே 3-இலிருந்து ஜூலை 20 வரை வி.வி. கிரி அப்படிப் பணியாற்றினார், தேர்தலில் நிற்க ராஜினாமா செய்தார், அப்புறம் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை பார்த்துக்கொண்டார், அன்று கிரி முறைப்படி பதவியேற்றார். அவர் நான்காவது குடியரசுத் தலைவர், முன்பு பணியாற்றிய மாதங்கள் அந்த எண்ணில் சேராது. ஆளுநர்களில் 'கூடுதல் பொறுப்பு' என்று வரும். எடப்பாடியாருக்குப் பிரமாணம் செய்துவைத்த வித்யாசாகர் ராவே மகாராஷ்டிர ஆளுநர், தமிழ்நாட்டைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தவர்தான், ஒரு வருடத்துக்கும் மேல்! அதிகாரத்தில் ஒரு துளி குறைவில்லை என்பதற்கு அந்த மாதங்களில் அவர் எடுத்த முடிவுகளே சாட்சி.

எடப்பாடியாரின் கடைசித் தேதியிலும் இதே கதைதான். 2021 மே 2 வாக்கு எண்ணிக்கை, 3-ஆம் தேதி ராஜினாமா, 7-ஆம் தேதி ஸ்டாலின் பதவியேற்பு. அதனால் ஒரு புத்தகத்தில் மே 3, ஒன்றில் மே 6, ஒன்றில் மே 7 என்று இருக்கும். எங்கள் ஆபீசில் பொறுப்பு மாற்றும்போது தேதியோடு முற்பகல், பிற்பகல் என்று எழுதுவது இதற்காகத்தான். ஒரே நாளில் இரண்டு பேர் இருக்க முடியாது என்று நினைக்கிறவர் முந்தையவரை 6-ஆம் தேதியோடு நிறுத்துவார், அடுத்தவர் கையெழுத்துப் போடும் நிமிடம் வரை பழையவர்தான் என்கிறவர் 7 என்று எழுதுவார்.

இன்னொன்று, நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது: 'கொங்கு மண்ணின் முதல் முதல்வர் எடப்பாடியார்'. இதுவும் கோடு கிழிக்கிற இடத்தைப் பொறுத்தது. 1920-இலிருந்து சென்னை மாகாணத்தையும் சேர்த்து எழுதும் பட்டியலைத் திற, 1926-இலிருந்து 1930 வரை முதல் மந்திரியாக இருந்தவர் பி. சுப்பராயன், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார். அதே பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு இருப்பார். தேர்தலில் ஜெயித்த காங்கிரஸ், ஆளுநர் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித் தலையிட மாட்டேன் என்று உறுதி கொடுத்தால்தான் மந்திரி சபை அமைப்போம் என்று நின்றுவிட்டதால் ஆளுநர் அமைத்த இடைக்கால மந்திரி சபை அது. ஜூலை 14 அன்று ராஜாஜி வந்ததும் முடிந்தது. நாயுடுவுக்குச் சட்டசபையில் பெரும்பான்மையே கிடையாது, ஆனாலும் தனியாக அமைத்த மந்திரி சபை என்பதால் பல பட்டியல்களில் தனி வரி கிடைத்துவிட்டது. அந்த மாதிரிப் பட்டியலில் எடப்பாடியாருக்கு எந்த எண் வந்தாலும், மேலே நாயுடுவுக்கும் நெடுஞ்செழியனுக்கும் எண் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் குறித்துக்கொள்.